பிபிடி மட்டும் போதுமா, கேள்விக் குறிப்பும் வேண்டுமா? மல்லிகை விவசாயிகளின் போர்டு கூட்டத்தை வைத்து ஓர் ஒப்பீடு

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளில் சி.இ.ஓ.வாக இருக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "கூட்டத்துக்கு முன்னாடியே பிபிடியை வாட்ஸ்அப்பில் போட்டுடுறோம். யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதோடு ஒரு குறிப்பும் எழுதணுமா? இல்லை, கூட்டத்திலேயே எல்லாத்தையும் சொல்லிடலாமா?"

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு மல்லிகை விவசாயிகள் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பத்து இயக்குநர்கள். ஆங்கிலம் தடையில்லாமல் படிப்பவர்கள் மூன்று பேர். பூவைச் சேமிக்கக் குளிர்பதன அறை கட்டலாமா என்று ஓர் ஆலோசகர் 22 ஸ்லைடு போட்டுக் கொடுத்திருக்கிறார். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. ஆனால் இந்த மாதிரி பிபிடிகளின் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, கூட்டத்துக்கு வருபவர் வருவதற்கு முன்பே முக்கியமான ஸ்லைடைப் பார்த்திருப்பாரா. மல்லிகை விவசாயிக்கு விடியுமுன் மொட்டு பறிப்பு, அப்புறம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போனை நிதானமாகப் பார்க்க முடியும். 22 ஸ்லைடு படிக்கும் பொறுமையை அவரிடம் எதிர்பார்ப்பது நம் தவறு.

இரண்டாவது, கூட்டத்தின் நேரம் எங்கே போகிறது. விளக்கம் சொல்வதிலா, விவாதத்திலா?

மூன்றாவது, தயாரிப்பவருக்கு எவ்வளவு வேலை. சின்னக் கம்பெனியில் சி.இ.ஓ.தான் கணக்கர், அவரேதான் வண்டி ஏற்பாடும் பார்ப்பவர்.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை. நாம் செய்யும் ஏற்பாடு படிப்பவரின் பார்வையைக் குறுக்கிவிடுமா? இது, எந்த ஸ்லைடில் எதைத் தேடவேண்டும் என்று கேட்டு எழுதும் கேள்விக் குறிப்புக்கே உரிய ஆபத்து என்பதால் பின்னால் விரிவாக வருகிறேன்.

## முதல் வழி: பிபிடியை மட்டும் அனுப்புவது

வேலை இல்லை, அதுதான் இதன் ஒரே பலம். போர்டு கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அந்த அறிவிப்போடு கோப்பையும் இணைத்துவிட்டால் கடமை முடிந்தது.

ஆனால் பிபிடி என்பது பக்கத்தில் நின்று ஒருவர் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. பேசுபவர் இல்லாமல் ஸ்லைடை மட்டும் பார்த்தால், தலைப்பும் நான்கு புள்ளியும் ஒரு வரைபடமும் தெரியும். எது பெரிது, எது சிறிது என்று தெரியாது. "தம்பி, திறந்து பார்த்தேன், எல்லாம் இங்கிலீஷா இருந்துச்சு, கூட்டத்துல சொல்லுவீகல்ல" என்று ஒருவர் சொன்னால் அவர் மீது குற்றம் இல்லை.

மறைவான செலவு கூட்டத்தில் தெரியும். முதல் முக்கால் மணி நேரம் ஆலோசகர் கம்பெனி அறிமுகம், மதுரை மல்லிகைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த கதை, குளிர்பதன அறையின் படம் என்று போவார். பணக் கணக்கு வரும்போது சாப்பாடு வந்திருக்கும். "சரிங்க, பார்த்துச் செய்யுங்க" என்று தீர்மானம் நிறைவேறும்.

இந்த வழி சரியாக வரும் இடமும் உண்டு. முடிவு எதுவும் கேட்காத, தகவலுக்காக மட்டும் வைக்கும் மாதாந்திர விற்பனை அறிக்கைக்கு இது போதும். அதற்குக் குறிப்பு எழுதுவது வீண்வேலை.

## இரண்டாவது வழி: பிபிடியோடு ஒரு பக்கக் கேள்விக் குறிப்பு

முன்குறிப்பு என்றதும் பலர் பிபிடியின் சுருக்கத்தை எழுதிவிடுகிறார்கள். அது வேறு. சுருக்கம் படித்தவர் ஸ்லைடைத் திறக்கமாட்டார், திறக்கத் தேவையில்லையே. கேள்விக் குறிப்பின் வேலை அதற்கு நேர்எதிர்: எந்த ஸ்லைடைத் திறக்கவேண்டும், அங்கே எதைத் தேடவேண்டும் என்று சொல்வது. விடை குறிப்பில் இருக்கக்கூடாது.

நம் உதாரணத்தில் பிபிடி சொல்வது இதுதான். அறைக்கு 30 லட்சம் ரூபாய். அதில் 35 சதவீதம், அதாவது 10.5 லட்சம், மானியம். மீதி 19.5 லட்சம். ஒரு நாளைக்கு 500 கிலோ வீதம் வருடத்தில் 150 நாள் பூ வரும். அறையில் வைத்து விற்பதால் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆக 15 லட்சம். கரண்டு, கூலி, பராமரிப்பு 6 லட்சம் போக 9 லட்சம் மிச்சம். போட்ட முதல் இரண்டு வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. இதில் மூன்று இடங்களில் கணக்கு தளர்ந்து நிற்கிறது. பிபிடியை வரிசையாகப் பார்ப்பவர் கண்ணில் மூன்றும் படாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஸ்லைடில் பிரிந்து கிடக்கிறது. இதற்குச் சி.இ.ஓ. எழுதவேண்டிய குறிப்பு இப்படி இருக்கலாம்:

> வணக்கம். வரும் போர்டு கூட்டத்தில் குளிர்பதன அறை பற்றி முடிவு எடுக்கவேண்டும். மூன்றில் ஒன்று: கட்டலாம், ஒரு சீசனுக்கு வாடகை அறையில் சோதித்துப் பார்க்கலாம், வேண்டாம்.
>
> இணைத்துள்ள கோப்பில் 22 ஸ்லைடு. 9, 11, 14, 17 இந்த நான்கை மட்டும் பார்த்து வந்தால் போதும். 1 முதல் 5 வரை நம் கம்பெனி அறிமுகம், விட்டுவிடலாம்.
>
> 1. ஸ்லைடு 9-ல் மாதவாரியாகப் பூ விலை இருக்கிறது. ஸ்லைடு 11-ல் அறையில் பூ எத்தனை நாள் தாங்கும் என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த விலை வித்தியாசம் நம் கைக்கு வரும்?
>
> 2. ஸ்லைடு 14-ல் தினமும் 500 கிலோ, 150 நாள் என்று போட்டிருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கமிருந்து எந்தெந்த மாதங்களில், தினம் சுமார் எத்தனை கிலோ நம்மிடம் வரும்? ஒரு எண்ணோடு வாருங்கள்.
>
> 3. ஸ்லைடு 17-ல் மானியத்தைக் கழித்துவிட்டு மீதிக்குக் கடன் கணக்குப் போட்டிருக்கிறது. மானியம் கைக்கு வரும் வரை தவணையை எதிலிருந்து கட்டுவது?
>
> 4. இந்த மூன்றிலும் சேராத வேறு எது உங்கள் மனதில் உறுத்துகிறது?

இவ்வளவுதான். போனில் இரண்டு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிடும். ஒவ்வொரு கேள்வியும் ஏன் அப்படி அமைந்தது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி இரண்டு ஸ்லைடைச் சேர்க்கிறது. மல்லிகை விலை எவ்வளவு ஏறி இறங்கும் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. வெயில் காலத்தில் பூ கொட்டும், விலை சரியும். மார்கழிப் பனியில் மொட்டே வராது, விலை ஆயிரக்கணக்கில் போகும். 9-ம் ஸ்லைடில் இருக்கும் பெரிய இடைவெளி இந்த இரண்டு பருவங்களுக்கு நடுவில் உள்ளது. ஆனால் பறித்த மொட்டு அறையில் தாங்குவது சில நாள்தான். சித்திரைப் பூவை மார்கழிக்கு எந்த அறையும் கொண்டுபோகாது. அப்படியானால் பிடிக்கக்கூடியது இன்றைய சாதாரண நாளுக்கும் நாளை மறுநாள் முகூர்த்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அது கிலோவுக்கு 20 ரூபாயா, கூடுதலா, குறைவா என்பதுதான் விவாதிக்கவேண்டியது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு ஸ்லைடும் சரியானவை. பொய் எதுவும் இல்லை. கேள்வியின் வேலை அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

இரண்டாவது கேள்வி, ஸ்லைடில் இல்லாததைக் கேட்கிறது. ஆலோசகருக்குத் தெரியாத, இயக்குநருக்குத் தெரிந்த ஒரு எண். இந்த எண் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 500 கிலோவுக்குப் பதில் 250 கிலோதான் வருகிறது என்று வையுங்கள். வரவு 15 லட்சத்திலிருந்து 7.5 லட்சமாகக் குறையும். அறை பாதி நிறைந்தாலும் குளிரூட்டும் கரண்டும் வேலையாள் கூலியும் பெரிதாகக் குறையாது, 6 லட்சம் என்றே வைப்போம். மிச்சம் 1.5 லட்சம். போட்ட 19.5 லட்சம் திரும்ப 13 வருடம் ஆகும். வரத்து பாதியானதற்கு, இரண்டு வருடம் 13 வருடமாகிறது. இதைக் கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் உத்தேசமாக ஒரு பதில் சொல்வார்கள். முன்பே கேட்டால் ஊரில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வருவார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வார அவகாசம் தேவைப்படுவது அதற்காகத்தான்.

மூன்றாவது கேள்வி நிபந்தனையைத் தொடுகிறது. தோட்டக்கலைத் திட்டங்களில் குளிர்பதன வசதிக்கு வரும் இந்த வகை மானியம் கடனோடு இணைந்தது, பின்னால் வருவது. கட்டி முடித்து, ஆய்வு முடிந்து வரவேண்டும். அதுவரை அந்த 10.5 லட்சத்தையும் நாம்தான் புரட்டவேண்டும். 10 சதவீத வட்டிக்கு வாங்கினால் ஆறு மாதத் தாமதத்துக்கு ஏறக்குறைய 52,500 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம். கையிருப்பு இல்லாத கம்பெனிக்கு முதல் வருடத்திலேயே தவணை தவற இது போதும்.

### பார்வை குறுகும் ஆபத்து

நான்காவது கேள்வி சும்மா மரியாதைக்காகச் சேர்த்தது இல்லை. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எர்ன்ஸ்ட் ராத்காப்ஃப் என்ற உளவியலாளர் பாடப்பகுதியோடு கேள்விகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். படிப்பதற்கு முன்பே கேள்வி கொடுத்தால், கேட்ட விஷயம் நன்றாக மனதில் நின்றது. கேட்காத விஷயத்துக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. படித்த பிறகு கேட்டபோது கேட்காததும் ஓரளவு நின்றது. பின்னால் பலர் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்தன.

நமக்கு இதன் பொருள் நேரானது. நான்கு ஸ்லைடைக் காட்டினால் மற்ற பதினெட்டும் கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தப் பதினெட்டில் ஒன்றில் ஜெனரேட்டர் செலவு விடுபட்டிருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். திறந்த கேள்வி ஒன்று இதைப் பாதி சரிசெய்யும். இன்னொரு வழி, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் மட்டும் குறிப்பைக் கொடுக்காமல் முழுக் கோப்பையும் படிக்கச் சொல்வது.

இதைவிட மோசமான குறுக்கல் ஒன்று உண்டு. திட்டத்தைக் கொண்டுவந்தவரே குறிப்பை எழுதினால், பலவீனமான ஸ்லைடைப் பற்றிக் கேள்வியே இருக்காது. திட்டமிட்டுச் செய்வார் என்று சொல்லவில்லை. தன் பிள்ளையின் குறை தாய்க்குத் தெரியாது. ஆகவே ஆலோசகர் பிபிடி போட்டால் குறிப்பைச் சி.இ.ஓ. எழுதட்டும். சி.இ.ஓ.வே பிபிடி போட்டால், அனுப்பும் முன் கணக்குப் பார்ப்பவரோ தலைவரோ ஒரு கேள்வி சேர்க்கட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "இவ்வளவு செலவு நமக்குத் தேவையா?" என்பது கேள்வி வேஷத்தில் இருக்கும் கருத்து. படித்தவுடன் எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வியை மாற்றி எழுதவேண்டும். அதேபோல் "இந்தத் திட்டம் எப்படி இருக்கிறது?" என்பதும் உதவாது, ஸ்லைடைத் திறக்காமலே "நல்லாத்தான் இருக்கு" என்று பதில் சொல்லிவிடலாம்.

### ஸ்லைடு எண் என்ற சில்லறைத் தொல்லை

இந்தக் குறிப்பு கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். குறிப்பு போன பிறகு ஆலோசகர் இரண்டு ஸ்லைடு சேர்த்து மறுபடியும் அனுப்புவார். 14 இப்போது 16 ஆகிவிடும். குறிப்பை நம்பித் திறந்தவர் 14-ல் விளம்பரப் படத்தைப் பார்த்துக் குழம்புவார். ஆகவே குறிப்பு எழுதும் முன்பே கோப்பை பிடிஎஃப் ஆக்கிப் பெயரில் தேதி போட்டுப் பூட்டிவிடுங்கள். மறைத்துவைத்த ஸ்லைடுகள் இருந்தால் முதலில் அழியுங்கள். இல்லையென்றால் ஸ்லைடின் மூலையில் அச்சாகும் எண் ஒன்றும் பிடிஎஃப் பக்க எண் வேறொன்றுமாக இருக்கும். பிடிஎஃப் ஆக்குவதில் இன்னொரு லாபம், தமிழ் எழுத்து போனில் கட்டம் கட்டமாக உடையாது.

உழைப்பு என்று பார்த்தால், இந்த ஒரு பக்கம் எழுத அரை நாள் போகும். எழுதுவதற்கு அல்ல, எந்த நான்கு ஸ்லைடு என்று கண்டுபிடிப்பதற்கு. பிபிடியை முழுக்கப் புரிந்துகொள்ளாதவரால் இந்தக் குறிப்பை எழுதவே முடியாது. பல அலுவலகங்களில் குறிப்பு வராததற்கு நேரமின்மையைவிட இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

## மூன்றாவது வழி: பிபிடியே வேண்டாம், கூட்டத்தில் வாசிப்பு

அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004-ல் மூத்த அதிகாரிகளின் கூட்டத்தில் பவர்பாயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் முழு வாக்கியங்களில் எழுதிய சில பக்க அறிக்கை. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு.

இதன் பலம் மறுக்கமுடியாதது: படிக்காமல் வந்தவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். பத்தியாக எழுதும்போது 9-ம் ஸ்லைடையும் 11-ம் ஸ்லைடையும் தனித்தனியே விட்டுவிட முடியாது. வாக்கியம் இரண்டையும் இணைக்கச் சொல்லும்.

நம் போர்டுக்கு இது ஒத்துவராது. பத்துப் பேரும் ஒரே வேகத்தில் படிக்கமாட்டார்கள். மெதுவாகப் படிக்கும் பெரியவரைப் பத்துப் பேர் முன்னால் தாளோடு காக்கவைப்பது அவருக்குச் சங்கடம். அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருக்கவும் காரணம் ஆகலாம். ஊரில் விசாரித்துக்கொண்டுவரவேண்டிய எண்ணும் இந்த வழியில் கிடைக்காது. கப்பலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஐந்தாறு மேலாளர்கள் வாரம் ஒருமுறை உட்காரும் கூட்டம் என்றால் தாராளமாகச் செய்துபார்க்கலாம்.

## நான்காவது வழி: குரல் பதிவு

"அண்ணே, வணக்கம். வர்ற கூட்டத்துல குளிர்பதன ரூம் விஷயம் பேசுறோம். நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்த்துட்டு வந்தாப் போதும்..." என்று ஒன்றரை நிமிடம் பேசி அனுப்புவது. திறந்து கேட்பவர்கள் எண்ணிக்கையில் இதை எதுவும் வெல்லாது. தோட்டத்தில் நின்றுகொண்டே கேட்கலாம்.

சிக்கல், குரலில் பொருள் மட்டும் போவதில்லை, சாய்வும் சேர்ந்து போகிறது. "பத்தரை லட்சம் மானியம்ணே" என்று உற்சாகமாகச் சொன்னால் கேள்வி அங்கேயே செத்துவிடும். ஆளுக்கொரு மாதிரி பேசினால், கூட்டத்தில் "என்கிட்ட அப்படிச் சொல்லலையே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். நடவடிக்கைக் குறிப்பேட்டில் சேர்க்கவும் வழியில்லை. நாளைக்குத் தணிக்கையில் எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. எழுதிய குறிப்பைச் சொல் மாறாமல் வாசித்து ஒரே பதிவாகக் குழுவில் போட்டால் இந்தக் குறைகளில் பாதி போய்விடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பிபிடி மட்டும் | கேள்விக் குறிப்போடு | கூட்டத்தில் வாசிப்பு | குரல் பதிவு |
|---|---|---|---|---|
| முன்பே பார்ப்பார்களா | அரிது | முக்கிய ஸ்லைடை மட்டும் | தேவையில்லை | கேட்பார்கள், ஸ்லைடு சந்தேகம் |
| கூட்ட நேரம் | விளக்கத்தில் | விவாதத்தில் | முதலில் வாசிப்பில் | கலவை |
| தயாரிப்பு உழைப்பு | இல்லை | அரை நாள் | இரண்டு மூன்று நாள் | சில நிமிடம் |
| பார்வை குறுகுமா | இல்லை | ஆம் | குறைவு | ஆம், சாய்வோடு |
| எழுத்துப் பதிவு | உண்டு | உண்டு | உண்டு | இல்லை |

பணம், கடன், நிலம் இவற்றில் ஒன்றைத் தொடும் முடிவு, படிப்புப் பழக்கம் பலவிதமாக உள்ள போர்டு என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், அதையே வாசித்த குரல் பதிவோடு சேர்த்து. கோப்பும் குறிப்பும் 7 நாள் முன்பு, மத்தியானம் மூன்று மணி வாக்கில். விடியற்காலை அனுப்பினால் பூ விலைச் செய்திகளுக்கு அடியில் போய்விடும். கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டாவது கேள்வியை மட்டும் மறுபடி நினைவூட்டலாம்.

வேலை செய்ததா என்பது கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். "தம்பி, அந்தப் பதினாலைப் போடுங்க, எங்க ஊர்க் கணக்கு வேற மாதிரி வருது" என்று ஒருவர் தொடங்கினால் குறிப்பு சேர்ந்திருக்கிறது. "முதல்ல இருந்து ஒருக்காச் சொல்லுங்க" என்றால் சேரவில்லை. அன்றைக்கு முடிவெடுக்காமல், நான்கு ஸ்லைடையும் அங்கேயே ஒன்றாகப் பார்த்துவிட்டு, வரத்துக் கணக்கைக் கேட்டுவர இன்னொரு தேதி குறிப்பது நல்லது.